தயிரும் கொண்டைக்கடலையும் ஒரே தட்டில் வேண்டாம்: மெனோபாஸ் காலத்தில் கால்சியம், இரும்பு, நார்ச்சத்தைப் பிரித்துச் சாப்பிடும் முறை

ஐம்பதைத் தொட்ட பெண்ணிடம் ஆளாளுக்கு மூன்று பட்டியல்களைச் சொல்வார்கள். கால்சியத்துக்குப் பால், தயிர், எள். இரும்புச்சத்துக்குக் கீரை, பருப்பு, முட்டை. நார்ச்சத்துக்கு முழுதானியம், காய்கறி, தவிடு. பட்டியல்களில் பெரிய தவறு ஒன்றும் இல்லை. மூன்றையும் ஒரே வேளையில் ஒரே தட்டில் குவித்து, மேலே ஒரு டம்ளர் டீயும் குடிக்கும்போதுதான் கணக்கு கெடுகிறது.

இந்த மூன்றும் குடலுக்குள் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் செய்பவை. கால்சியம் அதிகமுள்ள சாப்பாட்டில் இரும்பு குறைவாக உறிஞ்சப்படும். தவிட்டிலும் பருப்பிலும் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் இரும்பைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும், கால்சியத்தையும் ஓரளவு பிடிக்கும். டீயில் உள்ள டானின் இரும்பை விடாது. ஆகவே எதைச் சாப்பிடுவது என்ற கேள்வியைவிட, எதை எந்த வேளையில் சாப்பிடுவது என்பதுதான் இங்கே பெரிய கேள்வி. இந்த வழிகாட்டி முழுக்க அதைப் பற்றியதுதான்.

முதலில்: நீங்கள் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள்?

கடைசி மாதவிலக்கு வந்து 12 மாதம் முழுதாகக் கடந்துவிட்டால்தான் அது மெனோபாஸ். அதற்கு முன்னால் வரும் சில ஆண்டுகள், அதாவது இரண்டு மாதம் வராமல் மூன்றாம் மாதம் எட்டு நாள் கொட்டித் தீர்க்கும் காலம், அதை நெருங்கும் காலம். சாப்பாட்டைப் பொறுத்தவரை இந்த இரண்டும் வேறு வேறு உலகம்.

இரத்தப்போக்கு இருக்கும் வரை இரும்பு வெளியேறிக்கொண்டே இருக்கிறது. நின்றுவிட்டால் அந்த வாசல் அடைபடுகிறது. அமெரிக்கப் பரிந்துரைப்படி 50 வயது வரை ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 18 மி.கி. இரும்பு வேண்டும், 51 முதல் 8 மி.கி. போதும். கால்சியம் நேர் எதிர்: 1,000 மி.கி.யாக இருந்தது 1,200 ஆகிறது. நாட்டுக்கு நாடு இந்த எண்கள் மாறும். ஆனால் இரும்புத் தேவை இறங்கும் என்பது எங்கும் ஒன்றுதான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. அந்த 51 என்ற எண் ஒரு வசதிக்காகப் போட்ட கோடு. உங்கள் கர்ப்பப்பைக்கு உங்கள் பிறந்தநாள் தெரியாது. 53 வயதிலும் மாதவிலக்கு அதிகமாகப் போகிறதென்றால் உங்கள் இரும்புத் தேவை இன்னும் பழைய கணக்கில்தான் இருக்கிறது. 49-இலேயே நின்றுவிட்டால் புதிய கணக்கு உங்களுக்கு இப்போதே பொருந்தும். பரிந்துரையில் உள்ள வயதைப் பார்க்காமல் நாள்காட்டியைப் பாருங்கள். கடைசியாக வந்த தேதி, எத்தனை நாள், எவ்வளவு அதிகம் என்று ஆறு மாதத்துக்குக் குறித்து வைத்தால், மருத்துவரிடம் பேசும்போதும் அது உதவும்.

இரண்டு இரத்தப் பரிசோதனை, ஒரு ஏமாற்றும் பரிசோதனை

களைப்பு, முடி கொட்டுதல், மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடப்பு, இரவில் கால் ஓயாமல் குறுகுறுத்தல். இவற்றையெல்லாம் மெனோபாஸ் என்றே எழுதித் தள்ளிவிடுவது சகஜம். இதே அறிகுறிகள் இரும்புக் குறைவுக்கும் உண்டு. இரண்டும் ஒரே வயதில் வந்து சேர்வதால் ஒன்றின் பின்னால் மற்றொன்று ஒளிந்துகொள்ளும். அதனால் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஹீமோகுளோபின் என்பது இன்றைக்குப் பானையில் இருக்கும் சோறு என்றால், ஃபெரிட்டின் மூட்டையில் இருக்கும் அரிசி. மூட்டை காலியான பிறகும் சில நாள் பானையில் சோறு இருக்கும். ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருப்பதால் எல்லாம் சரி என்று சொல்லிவிட முடியாது. ஃபெரிட்டின் 30-க்குக் கீழே இருந்தால் சேமிப்பு வற்றிக்கொண்டிருக்கிறது என்று பல மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு எச்சரிக்கை: காய்ச்சல், மூட்டு அழற்சி போன்றவை இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும்.

ஏமாற்றும் பரிசோதனை எது என்றால், இரத்தக் கால்சியம். அது சரியாக இருக்கிறது என்று வந்தால் எலும்பு சரியாக இருக்கிறது என்று பொருள் இல்லை. இதயமும் தசைகளும் இயங்க இரத்தத்தில் கால்சியம் ஒரே அளவில் இருந்தாக வேண்டும். சாப்பாட்டில் குறைந்தால் உடல் எலும்பிலிருந்து எடுத்து அந்த அளவைச் சரிசெய்துகொள்ளும். எலும்பு கரைந்துகொண்டிருக்கும்போதும் ரிப்போர்ட் அழகாகத்தான் வரும். எலும்பின் நிலையைத் தெரிந்துகொள்ள டெக்ஸா என்னும் எலும்பு அடர்த்தி ஸ்கேன்தான் வழி. எப்போது எடுப்பது என்பதை உங்கள் மருத்துவர் சொல்வார். சீக்கிரமே மாதவிலக்கு நின்றவர்கள், சிறிய அடிக்கே எலும்பு முறிந்தவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவர்கள் தாங்களே கேட்க வேண்டும்.

இரும்பு வேளை: ஒரே ஒரு வேளையைக் காப்பாற்றுங்கள்

நாள் முழுதும் பாலும் டீயும் இல்லாமல் இருக்கச் சொல்வது நடக்காத காரியம், தேவையும் இல்லை. நாளில் ஒரு வேளையை மட்டும் இரும்புக்கு ஒதுக்குங்கள். பெரும்பாலோருக்கு மதியம் வசதி. அந்த ஒரு வேளைக்கு மூன்று விதிகள்.

இரும்பு தரும் பொருள் ஒன்று நடுவில் இருக்க வேண்டும். ஒரு கப் வேகவைத்த கொண்டைக்கடலையில் ஏறத்தாழ 4.7 மி.கி. இரும்பு, கூடவே 12 கிராமுக்கு மேல் நார்ச்சத்து. அதே அளவு மசூர் போன்ற பருப்பில் 6 மி.கி.க்கு மேல். இறைச்சி, மீன் சாப்பிடுபவர்களுக்கு இது இன்னும் எளிது. அவற்றின் இரும்பு சுலபமாக உறிஞ்சப்படும் என்பதோடு, கூட உள்ள பருப்பின் இரும்பையும் இழுத்துக்கொண்டு போகும். முட்டையை மட்டும் இரும்புக்காக நம்ப வேண்டாம். ஒரு முட்டையில் இருப்பது 1 மி.கி.கூட வராது, அதிலும் மஞ்சள் கருவில் உள்ள புரதம் ஒன்று அதை விட்டுக்கொடுக்காது. புரதத்துக்காகச் சாப்பிடுங்கள், கணக்கில் சேர்க்காதீர்கள்.

அடுத்து, அதே வேளையில் வைட்டமின் சி. தாவர உணவில் உள்ள இரும்பில் உடல் எடுத்துக்கொள்வது 2 முதல் 20 சதவீதம் வரை எங்கேயோ இருக்கும். அது இரண்டின் பக்கம் இருக்குமா, இருபதின் பக்கம் நகருமா என்பதை முடிவு செய்வதில் வைட்டமின் சி-க்குப் பெரிய பங்கு. இங்கே நிறையப் பேர் எலுமிச்சை பிழிந்ததோடு திருப்தியாகிவிடுகிறார்கள். ஒரு எலுமிச்சையின் சாற்றில் 20 மி.கி.க்கும் குறைவாகத்தான் இருக்கும். நமக்கு வேண்டியது 50 மி.கி.யாவது. ஒரு ஆரஞ்சில் சுமார் 70 மி.கி. உண்டு. பாதிச் சிவப்பு குடைமிளகாயைப் பச்சையாக நறுக்கிப் போட்டாலும் போதும். கொய்யா கிடைத்தால் அரைப் பழமே தாராளம். வைட்டமின் சி சூட்டில் அழியும், ஆகவே அதைத் தரும் பொருள் வேகாமல் இருப்பது நல்லது. காலையில் ஆரஞ்சு சாப்பிட்டுவிட்டு மதியம் கடலை சாப்பிட்டால் பயன் இல்லை. இரண்டும் குடலில் சந்திக்க வேண்டும்.

மூன்றாவது, அந்த வேளையில் தயிர், பால், சீஸ், கால்சியம் மாத்திரை, டீ, காபி எதுவும் வேண்டாம். சாப்பாட்டோடு குடிக்கும் டீ இரும்பு உறிஞ்சுவதைப் பாதி அளவுக்கும் கீழே கொண்டுபோய்விடும். காபியும் கெடுக்கும், டீயைவிடச் சற்றுக் குறைவாக. ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் பாதிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். கால்சியத்தைப் பற்றி நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும்: ஒரே ஒரு வேளையை வைத்துச் செய்த ஆய்வுகளில் அது இரும்பை நன்றாகவே தடுத்தது, ஆனால் மாதக்கணக்கில் பார்த்தபோது பாதிப்பு சிறிதாகவே தெரிந்தது. எனவே ஃபெரிட்டின் நன்றாக இருப்பவர்கள் மதியத் தயிருக்காகத் துக்கப்பட வேண்டாம். குறைவாக இருப்பவர்கள், இரத்தப்போக்கு அதிகமுள்ளவர்கள் இந்த விதியைப் பிடித்துக்கொள்ளட்டும். டீ விதி மட்டும் எல்லோருக்கும்.

கால்சிய வேளைகள்: சின்னச் சின்னதாக, கீரையை நம்பாமல்

கால்சியத்துக்கு ஒரு வேளை போதாது. உடல் ஒரே நேரத்தில் ஏறத்தாழ 500 மி.கி. வரைதான் நன்றாகக் கையாளும். அதற்கு மேல் போனால் உறிஞ்சும் பங்கு குறைந்துகொண்டே போகும். காலை, மாலை, இரவு என்று மூன்றாகப் பிரிப்பது இதற்காகத்தான்.

200 மி.லி. பசும்பாலில் சுமார் 240 மி.கி. கிடைக்கும். 200 கிராம் தயிரிலும் கிட்டத்தட்ட அதே அளவு. இரண்டிலும் கொழுப்பு குறைந்தது, கூடியது என்பது கால்சியத்தைப் பெரிதாக மாற்றாது. பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும், புளித்தபோது லாக்டோஸ் கொஞ்சம் குறைந்திருக்கும். முள்ளோடு சாப்பிடும் டின் மத்தி மீன் நல்ல கால்சியம், ஆனால் முள்ளை எடுத்துவிட்டால் அது வெறும் மீன்.

இப்போது கீரைக்கு வருவோம். பசலைக்கீரையில் கால்சியம் இருப்பதாக அட்டவணை சொல்லும். இருக்கிறது, உண்மை. ஆனால் அதில் உள்ள ஆக்சலேட் அதைப் பூட்டி வைத்திருப்பதால் நமக்குக் கிடைப்பது சுமார் 5 சதவீதம்தான். பாலில் கிடைப்பது 30 சதவீதத்தை ஒட்டி. இதற்கு மாறாக புரோக்கோலி, கேல், சீன முட்டைக்கோஸ் போன்ற கோஸ் குடும்பத்துக் காய்களில் ஆக்சலேட் குறைவு. அவற்றில் பாதி அளவுகூட உறிஞ்சப்படும். ஆனாலும் 100 கிராம் வெந்த புரோக்கோலியில் மொத்தமே 40 மி.கி. அளவுதான், அதை மட்டும் தின்று 1,200-ஐ எட்ட முடியாது. பசலையை விட்டுவிட வேண்டியதில்லை, நார்ச்சத்துக்கும் ஃபோலேட்டுக்கும் சாப்பிடலாம். கால்சியக் கணக்கில் மட்டும் பூஜ்யம் போடுங்கள்.

எள்ளிலும் ஒரு சூட்சுமம். தோல் நீக்காத எள்ளில்தான் கால்சியம் அதிகம், ஒரு மேசைக்கரண்டிக்கு 85 மி.கி.யை ஒட்டி வரும். தோல் நீக்கிய வெள்ளை எள்ளில் அதில் பெரும்பகுதி போய்விடும். முழு எள் அப்படியே உள்ளே போய் அப்படியே வெளியே வரும் வாய்ப்பும் இருப்பதால் வறுத்துப் பொடித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாலைத் தொடாதவர்கள் டோஃபு வாங்கும்போது உறையின் பின்புறம் பார்க்க வேண்டும். கால்சியம் சல்பேட் சேர்த்து உறைய வைத்ததில்தான் கால்சியம் நன்றாக இருக்கும். கால்சியம் இல்லாத உப்பால் உறைந்ததில் குறைவு. சோயா, பாதாம், ஓட்ஸ் பால்களும் கால்சியம் சேர்க்கப்பட்டவையாக இருந்தால்தான் பயன். அதிலும் சேர்த்த கால்சியம் பெட்டியின் அடியில் படிந்துவிடும். குலுக்காமல் ஊற்றினால் மாதம் முழுதும் மேல்தண்ணீரைக் குடித்துவிட்டு, கால்சியத்தைப் பெட்டியோடு குப்பையில் போடுகிறோம். வீட்டில் அரைத்த பாதாம் பாலில் கால்சியம் சொற்பம்தான்.

உப்பும் இந்தக் கணக்கில் வரும். சுமார் ஒரு தேக்கரண்டி உப்பு, அதாவது 6 கிராம், சிறுநீர் வழியே 40 மி.கி. அளவு கால்சியத்தை இழுத்துக்கொண்டு போகும். சின்ன எண் போலத் தெரியலாம். பாலில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குதான் உடலுக்குள் போகிறது என்பதை நினைத்தால், அது அரை டம்ளருக்கு மேல் பாலின் பலன்.

இவ்வளவு செய்தாலும் ஒரு எல்லை உண்டு. மெனோபாஸை ஒட்டிய சில ஆண்டுகளில் எலும்பு வேகமாகக் கரைவதற்குக் காரணம் ஈஸ்ட்ரோஜன் குறைவது. கால்சியம் அந்தக் காரணத்தை மாற்றாது. எலும்புக்குத் தேவையான செங்கல்லைத் தட்டுப்பாடில்லாமல் தருவது மட்டுமே அதன் வேலை. வைட்டமின் டி இல்லையென்றால் அந்தச் செங்கல்லும் உள்ளே வராது. ஸ்கேனில் எலும்புத் தேய்மானம் என்று வந்துவிட்டால், பாலைக் கூட்டிக்கொண்டு காத்திருப்பது சிகிச்சை ஆகாது.

நார்ச்சத்து: தவிட்டைக் கொட்ட வேண்டாம்

ஒரு நாளைக்கு 25 கிராமை இலக்காக வைத்துக்கொள்ளலாம். இந்த வயதில் மலச்சிக்கலும் கொலஸ்ட்ராலும் சேர்ந்தே தலைகாட்டுவதால் பலர் கோதுமைத் தவிட்டை வாங்கிக் காலைப் பாலில் கலந்து குடிக்கிறார்கள். நார்ச்சத்தைக் கூட்ட இது மோசமான வழி. தவிட்டில் ஃபைட்டேட் செறிவாக இருப்பதால் கூடவே வரும் பாலின் கால்சியத்தையும் அது குறைத்துவிடும். அதே நார்ச்சத்தைக் கடலை, பழம், காய், ஓட்ஸ் வழியாகக் கொண்டுவந்தால் இவ்வளவு இடைஞ்சல் இல்லை.

கடலை, பருப்பு, பயறு வகைகளை இரவே ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு வேறு நீரில் வேகவைத்தால் ஃபைட்டேட்டும் வாயுவும் கொஞ்சம் குறையும். முளைகட்டினால் இன்னும் குறையும். புளிக்கவைத்த மாவில் செய்த ரொட்டி, புளிக்காத மாவில் செய்ததைவிட இந்த விஷயத்தில் மேல்.

வாரத்துக்கு 5 கிராம் வீதம் கூட்டுங்கள். அரை கப் கடலை அல்லது ஒரு பழத்தோடு ஒரு கரண்டி ஓட்ஸ், அவ்வளவுதான் ஒரு வாரத்துக்கான கூடுதல். ஒரே நாளில் 12-லிருந்து 30-க்குத் தாவினால் வயிறு உப்பும், இரண்டாம் நாளே எல்லாம் பழையபடி ஆகிவிடும். அளவு சரிதானா என்று எப்படித் தெரியும்? மலம் கெட்டியாக உருண்டை உருண்டையாக வந்தால் நார்ச்சத்து கூடிய அளவுக்குத் தண்ணீர் கூடவில்லை. மலம் மென்மையாகவே இருக்கிறது, வயிறு மட்டும் உப்புகிறது என்றால் வேகம் அதிகம், ஒரு வாரம் அதே அளவில் நில்லுங்கள். மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், வாரக்கணக்கில் மாறிப்போன பழக்கம் என்றால் அது நார்ச்சத்துப் பிரச்சினை இல்லை. மருத்துவரைப் பார்க்க வேண்டிய விஷயம்.

ஒரு நாளைப் பிரித்துப் பார்ப்போம்

கணக்குப் போட்டுப் பார்க்க ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 52. மாதவிலக்கு மூன்று வாரத்திலும் வரும், ஏழு வாரத்திலும் வரும், வந்தால் எட்டு நாள். ஹீமோகுளோபின் 11.6, ஃபெரிட்டின் 14. முட்டை சாப்பிடுவார், இறைச்சி மீன் இல்லை. காலையில் ரொட்டி, முட்டை, பால் விட்ட டீ. மதியம் சோறு, பருப்பு, பசலைக்கீரை, தயிர், சாப்பிட்ட கையோடு இன்னொரு டீ. மாலையில் பிஸ்கட்டும் டீயும். இரவு கொஞ்சம் சோறு, காய். பார்த்தால் நல்ல சாப்பாடுதான். ஆனால் நாளின் இரும்பு முழுதும் மதியத் தட்டில் இருக்கிறது, அதன் மேல் தயிரும் டீயும் உட்கார்ந்திருக்கின்றன. கால்சியம் என்று பார்த்தால் அந்தத் தயிரும் டீயில் விட்ட பாலும்தான், 400 மி.கி. வந்தால் பெரிது. நார்ச்சத்து 15 கிராமைத் தாண்டாது.

புதிய நாளில் காலை உணவு கால்சியத்துக்கு: 40 கிராம் ஓட்ஸை 200 மி.லி. பாலில் காய்ச்சி, ஒரு மேசைக்கரண்டி எள்ளுப்பொடி தூவி, ஒரு வாழைப்பழம். கால்சியம் 340 மி.கி. அளவு, நார்ச்சத்து 8 கிராம். டீயை இங்கேயே குடிக்கட்டும். இந்த வேளையில் இரும்பை எதிர்பார்க்கவில்லை, கெட்டுப்போக எதுவும் இல்லை.

மதியம் இரும்புக்கு: ஒரு கப் கொண்டைக்கடலை, பச்சையாக நறுக்கிய தக்காளியும் அரைச் சிவப்பு குடைமிளகாயும், கொஞ்சம் சோறு, முடிவில் ஒரு ஆரஞ்சு. இரும்பு சுமார் 5.5 மி.கி., நார்ச்சத்து 16 கிராம். முதல் இரண்டு வாரம் அரை கப் கடலையோடு தொடங்குவது வயிற்றுக்கு நல்லது. மதியம் 1 மணிக்குச் சாப்பிட்டால் டீ 2:30-க்கு மேல்.

மாலையில் 200 கிராம் தயிர், அதில் 240 மி.கி. இரவு கால்சியம் சல்பேட்டில் உறைந்த டோஃபு 100 கிராம், புரோக்கோலி, இரண்டு துண்டு முழுக்கோதுமை ரொட்டி. டோஃபு பிராண்டுக்கு பிராண்டு மாறும், குறைத்தே கணக்கிட்டு 200 என்று வைத்துக்கொண்டாலும் புரோக்கோலியோடு 240. படுக்கும் முன் 200 மி.லி. பால், இன்னொரு 240. கடலை, ரொட்டி, ஆரஞ்சு என்று சில்லறையாக வருவது 100-க்கு மேல். மொத்தம் 1,150-ஐ ஒட்டி. நார்ச்சத்து 30 கிராம். முட்டையைக் காலையிலோ இரவிலோ சேர்க்கட்டும், மதியம் மட்டும் வேண்டாம்.

இந்தச் சாப்பாட்டால் அவருடைய ஃபெரிட்டின் சரியாகுமா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், எனவே கணக்காகவே பார்ப்போம். ஃபெரிட்டினில் ஒரு புள்ளி என்பது சேமிப்பில் ஏறத்தாழ 8 மி.கி. இரும்பு. 14-லிருந்து 50-க்கு வர 36 புள்ளி, அதாவது 290 மி.கி. அளவு இரும்பு உள்ளே சேர வேண்டும். மாற்றி அமைத்த மதிய உணவால் தினமும் அரை மி.கி. கூடுதலாக உறிஞ்சப்படுகிறது என்று தாராளமாகவே வைத்தாலும் 580 நாள் ஆகும். அதற்கிடையில் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தோடு சுமார் 0.4 மி.கி. இரும்பு போகிறது. ஒரு கனத்த மாதவிலக்கில் 80 மி.லி. போனால் 32 மி.கி. கணக்கு. நாம் இரண்டு மாதம் சேர்த்தது ஒரே வாரத்தில் வெளியேறிவிடும்.

ஆகவே இவருக்கு மாத்திரை வேண்டும், அதோடு இரத்தப்போக்கு ஏன் இவ்வளவு என்று பார்க்கும் மருத்துவரும் வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிற அளவு போகிறதென்றால் காத்திருக்காமல் போக வேண்டும். சாப்பாட்டின் வேலை, நிரப்பிய மூட்டை மறுபடி காலியாகாமல் பார்த்துக்கொள்வது. இரும்பு மாத்திரையைத் தண்ணீரோடு அல்லது ஆரஞ்சுச் சாறோடு விழுங்க வேண்டும், பாலோடும் டீயோடும் கூடாது. தினமும் ஒத்துக்கொள்ளாமல் வயிறு புரட்டினால் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமா என்று கேளுங்கள், அப்படி எடுக்கும்போது ஒவ்வொரு வேளையிலும் உறிஞ்சும் பங்கு கூடுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மலம் கறுப்பாவது மாத்திரையால். மாத்திரை எடுக்காதபோது கறுத்தால் அது வேறு கதை, உடனே காட்ட வேண்டும். ஹீமோகுளோபின் ஒரு மாதத்திலேயே ஏறத் தொடங்கும். ஃபெரிட்டின் மெதுவாகத்தான் ஏறும், ஹீமோகுளோபின் சரியானதும் மாத்திரையைத் தாங்களாக நிறுத்துவதுதான் அது திரும்பத் திரும்ப இறங்குவதற்கு வழக்கமான காரணம்.

மாத்திரைகளுக்கிடையே இடைவெளி

தைராய்டுக்கு லெவோதைராக்சின் எடுப்பவர்கள் கால்சியத்தையும் இரும்பையும் அதிலிருந்து 4 மணி நேரம் தள்ளி வைக்க வேண்டும். காலை 6-க்குத் தைராய்டு மாத்திரை என்றால் 7 மணிப் பால் ஓட்ஸ் சரிப்படாது. அப்படிப்பட்டவர்கள் காலையில் பால் இல்லாத உணவு எடுத்து, கால்சியத்தை மாலைக்கும் இரவுக்கும் நகர்த்தலாம். அல்லது மாத்திரையைப் படுக்கும் நேரத்துக்கு மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம், அப்போது இரவுப் பாலைக் கைவிட வேண்டியிருக்கும்.

சாப்பாட்டில் 700 மி.கி. கால்சியம் வருகிறவருக்குக் குறைவது 500 தான். அதற்குப் போய் இரண்டு மாத்திரை எடுப்பானேன்? 50 வயதுக்கு மேல் உணவும் மாத்திரையும் சேர்ந்து 2,000 மி.கி.யைத் தாண்டக் கூடாது. கால்சியம் கார்பனேட் மாத்திரையைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும், சிட்ரேட் வெறும் வயிற்றிலும் வேலை செய்யும். அமிலத்தன்மைக்கு நெடுநாளாக மாத்திரை எடுப்பவர்களுக்குச் சிட்ரேட் பொருத்தம். சிறுநீரகக் கல் வந்தவர்கள், சிறுநீரக நோயுள்ளவர்கள் இந்தப் பகுதியில் எதையும் தாங்களாகச் செய்ய வேண்டாம்.

12 மாதம் கடந்த பிறகு தட்டை மாற்றுங்கள்

மேலே சொன்ன கறாரான மதிய விதி என்றைக்குமானது இல்லை. மாதவிலக்கு நின்று ஓராண்டு கடந்து, ஃபெரிட்டினும் நல்ல நிலையில் இருந்தால், தயிர் மதியத் தட்டுக்குத் திரும்பலாம். கால்சியத்தை நான்கு வேளையாகப் பிரித்துக்கொள்ளவும் அது வசதி. கடலையும் பழமும் அப்படியே இருக்கட்டும், இப்போது அவை முக்கியமாக நார்ச்சத்துக்காக.

இரும்பு டானிக் மட்டும் வழக்கத்தின் பேரில் தொடரக் கூடாது. உடலிலிருந்து இரும்பை வேண்டுமென்று வெளியேற்ற நமக்கு வழி கிடையாது. மாதந்தோறும் போனதுதான் அந்த வழியாக இருந்தது. இரும்பு அளவுக்கு மீறிச் சேரும் பரம்பரைக் கோளாறு உள்ள பெண்களுக்கு அது இந்த வயதுக்குப் பிறகுதான் தலைகாட்டுவதும் இதனால்தான்.

நின்று ஓராண்டுக்குப் பிறகு ஃபெரிட்டின் குறைகிறதென்றால், சாப்பாட்டில் குறை தேடுவதற்கு முன் இரும்பு எங்கே கசிகிறது என்று தேட வேண்டும். பெரும்பாலும் குடலைச் சோதிக்கச் சொல்வார்கள், தட்டிக்கழிக்காதீர்கள். அதேபோல் ஓராண்டுக்குப் பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் அதை மாதவிலக்கு திரும்பி வந்ததாக எண்ணி மறுபடி கடலையை ஊறவைக்க வேண்டாம். அந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.